ஏழு தட்டு, ஒரு வரிச்சட்டி

அரசாங்க உத்தியோகத்தில் என் காலத்தில் பாதி விதி எழுதுவதில் போயிற்று. மீதிப் பாதி, நான் எழுதிய விதிக்கு நானே விளக்கம் எழுதுவதில் போயிற்று. ஒரு விண்ணப்பத்தை எத்தனை படிகளில் கொடுக்க வேண்டும், எந்த ஓரத்தில் முத்திரை குத்த வேண்டும், மேலதிகாரி தும்மினால் அதைக் குறிப்பேட்டில் பதிய வேண்டுமா வேண்டாமா, எல்லாம் எனக்கு அத்துப்படி. ஓய்வு பெற்ற பிறகும் பக்கத்து வீட்டுக்காரர் வேலி போடுவதற்கு முன்னால் என்னிடம்தான் வந்து முறை கேட்கிறார். இவ்வளவு தெரிந்த நான் ஒரே ஒரு முறை ஆட்டிறைச்சிக்கு விதி எழுதினேன். அதனால் ஒரு பெண்ணும் அவள் மகளும் ஊரைவிட்டே போகப் பார்த்தார்கள்.

நாடு விடுதலை அடைந்ததற்கு அடுத்த வருடம். நான் மலாக்கா நிலக் கந்தோரில், அதாவது நில அலுவலகத்தில், இளைய கிராணி; குமாஸ்தா என்று வைத்துக்கொள்ளுங்கள். காஜா பெராங்கில் ஒரு வாடகை அறையில் குடியிருந்தேன். அங்கேயிருந்து நாலு வீடு தள்ளித்தான் எங்கள் மன்றம். மன்றம் என்றால் பெரிதாக எதுவும் நினைத்துவிட வேண்டாம். பலகை வீடு, மேலே தகரக் கூரை, உள்ளே ஒரு கேரம் பலகை, இரண்டு சீட்டு மேசை, நான்கு பத்திரிகை. உத்தியோகத்தில் இருந்த தமிழர்கள் மாலையில் அங்கே கூடி, வெள்ளைக்காரன் போன பிறகு கந்தோர்களை யார் நடத்தப் போகிறார்கள் என்று பேசுவார்கள். எல்லோரும் தங்களைத்தான் மனதில் வைத்துக்கொண்டு பேசினார்கள்.

மன்றத்துக்குப் பின்னால் ஒரு சமையலறையும், அதை ஒட்டி இரண்டு அறை கொண்ட ஒரு பின்கட்டும் இருந்தன. சமைக்க வருபவர் அந்தப் பின்கட்டில் குடியிருந்துகொள்ளலாம். பழைய சமையல்காரர் சிங்கப்பூருக்குப் போய்விட்டதால் அந்த இடம் காலியாக இருந்தது. புதியவரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு ஏழு பேர் கொண்ட குழுவுக்கு. குழுத் தலைவர் எங்கள் கந்தோரின் பெரிய கிராணி. ஜாலான் துக்காங் எமாஸ் வீதிக் கோயில் திருவிழாவில் மாலை வாங்குகிறவர், கூட்டம் எதுவானாலும் அதில் பேசுகிறவர். நான் செயலாளர். ஆகவே தேர்வு முறையை நான்தான் எழுத வேண்டும்.

எழுதினேன். விண்ணப்பித்தவர் ஒவ்வொருவரும் ஓர் ஆட்டிறைச்சி உணவு சமைக்க வேண்டும், குழு ருசித்து மதிப்பெண் போடும். இரண்டு பக்கம், தட்டச்சில். அதைத் தலைவர் மேலிருந்து கீழே படித்து, “இங்கிலீஷ்காரன்கூட இப்படி எழுத மாட்டான்பா” என்றார். மூன்று நாள் நான் தரையில் நடக்கவில்லை.

விண்ணப்பித்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் தெங்கேராவில் சிறிய சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவர். கல்யாண வீடுகளுக்கு அண்டா அண்டாவாக ஆட்டிறைச்சிப் பிரட்டல் செய்து கொடுப்பவர். அகலமான ஆள், மூச்சு விடும்போதே மசாலா வாசனை வரும். இன்னொருவர் எங்கள் வரிசையின் கடைசி வீட்டில் புதிதாகக் குடிவந்திருந்த அக்கா.

அக்காவுக்கு நாற்பது வயது இருக்கும். கணவர் இல்லை. புக்கிட் ரம்பாய்க்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர், அங்கேயே துரையின் பங்களாவில் ஏறக்குறைய பத்து வருடம் சமைத்தவர். துரை தன் நாட்டுக்குக் கப்பலேறிவிட்டார். புதிதாக வந்த மேலாளருக்கு வேறு சமையல்காரர் இருந்தார். அக்காவுக்குத் தோட்டத்தில் இனி ரப்பர் பால் வெட்டும் வேலைதான். அதற்கும் அவர் தயார்தான். ஆனால் அவருடைய பதிமூன்று வயது மகளுக்குப் பட்டணத்துப் பெண்கள் பள்ளியில் இடம் கிடைத்திருந்தது. தோட்டத்தில் ஆறாம் வகுப்போடு சரி. அதனால் ஒரு டிரங்குப் பெட்டியோடு மகளை அழைத்துக்கொண்டு காஜா பெராங்குக்கு வந்துவிட்டார். கையிலிருந்ததை வைத்து அந்த மாதம் முடியும்வரை தாக்குப்பிடிக்கலாம். மன்றத்தின் பின்கட்டு கிடைத்தால் மகள் படிப்பாள். கிடைக்காவிட்டால் தோட்டத்தில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். அண்ணன் ஏற்கெனவே பால் வெட்ட இன்னொரு கத்தி வாங்கி வைத்துவிட்டாராம். அது மகளுக்கு.

இதையெல்லாம் அவர் என்னிடம் முறையிடவில்லை. விண்ணப்பத்தில் ‘காரணம்’ என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று கேட்க வந்தபோது சொன்னார். அது முறையான காரணமாகாது என்று நான் ‘பணி அனுபவம்’ என்று எழுதிக் கொடுத்தேன்.

தேர்வுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை காலை, விதிகளின் ஒரு படியைக் கொடுக்க அவர் வீட்டுக்குப் போனேன். வீட்டுக்குப் பின்னால் ஒரு கரி அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அதன்மேல் நான் அதுவரை பார்த்திராத ஒரு பாத்திரம். தோசைக்கல்லைப்போல் தட்டையான கனத்த வார்ப்பிரும்பு. ஆனால் மேல்பரப்பு வழவழப்பாக இல்லை. உழுத வயலைப்போல் வரி வரியாக மேடும் பள்ளமுமாக இருந்தது. துரை கொடுத்துவிட்டுப் போனதாம். அவர் போருக்குப் பிறகு பட்டாளத்தோடு ஜப்பானில் இருந்தவர். அங்கே தின்ன ஆசைப்பட்டதை இங்கேயும் தின்ன விரும்பியவர். அக்கா அதை வரிச்சட்டி என்றார்.

“உக்காருங்க தம்பி. தேர்வுக்கு இதத்தான் செய்யப் போறேன். பிரட்டல்ல அந்தத் தெங்கேரா அண்ணன ஜெயிக்க முடியாது” என்றார்.

ஒரு கிண்ணத்தில் இறைச்சி ஊறிக்கொண்டிருந்தது. குளிர்பதனக் கடையில் வாங்கிய ஆட்டுத்தொடை. முழுவதும் கரைந்த பிறகு வெட்டினால் கத்திக்கு வழுக்கும்; பாதி உறைந்திருக்கும்போதே, நார் ஓடும் திசைக்குக் குறுக்கே வெட்ட வேண்டும் என்றார். ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துக் காட்டினார். அந்தப் பக்கம் பாக்கு மரம் நிழலாகத் தெரிந்தது. கிச்சாப்பு எனும் சோயாச் சாறு, கொஞ்சம் சீனி, இஞ்சிச் சாறு, பூண்டு, மிளகு, ஒரு சிட்டிகை சோம்பு. எலுமிச்சை இல்லையா என்று கேட்டேன். அது தின்கிற நேரத்தில்தான், முன்னாலேயே பிழிந்து ஊறவைத்தால் இவ்வளவு மெல்லிய இறைச்சி குழைந்து வெளுத்துப்போகும் என்றார்.

அதன் பிறகு நடந்ததைச் சொல்ல எனக்கு எடுக்கும் நேரம் அது நடக்க எடுத்த நேரத்தைவிட அதிகம்.

சட்டி புகையத் தொடங்கும்வரை அவர் எதையும் தொடவில்லை. ஒரு சொட்டுத் தண்ணீரைத் தெளித்தார். அது உருண்டு ஓடி மறைந்தது. துணியை எண்ணெயில் தொட்டு மேட்டு வரிகளை மட்டும் துடைத்தார். ஒரு துண்டை எடுத்து, ஒட்டியிருந்த ஊறல் நீர் சொட்டி முடியும்வரை கிண்ணத்துக்கு மேலேயே பிடித்து, பிறகு சட்டியில் விரித்தார். அடுத்தது, அடுத்தது, ஆறு துண்டு. ஒன்று மற்றொன்றைத் தொடவில்லை. இன்னும் இரண்டுக்கு இடம் இருந்தது, போடவில்லை. சத்தம் என்றால் அப்படி ஒரு சத்தம். புதுத் துணியை ஒரே இழுப்பில் கிழிப்பதுபோல. ஓரங்கள் சிவப்பிலிருந்து பழுப்பாக மாறி உள்பக்கம் நகர்ந்தன. நடுவில் ஒரு சிவப்புத் தீவு மட்டும் மிஞ்சியிருந்தபோது புரட்டினார். கரிய கோடுகள் வரிசையாக விழுந்திருந்தன. இரண்டாவது பக்கத்துக்கு முதல் பக்கத்தில் பாதி நேரம்கூடக் கொடுக்கவில்லை. எடுத்துவிட்டார்.

என் கைக்கடிகாரத்தில் இருபத்தெட்டு நொடி. அதைப் பார்க்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

வாயில் வைத்தேன். வெளியே கருகலின் கசப்பும் சீனியின் பாகும், உள்ளே சாறு. பல் போய்ச் சேருவதற்கு முன்பே இறைச்சி இணங்கிவிட்டது. எனக்கு அப்போது இருபத்தாறு வயது, ஆட்டிறைச்சி என்றால் போராட்டம் என்று நினைத்து வளர்ந்தவன். வீட்டில் அதை இரண்டு மணி நேரம் வேகவைப்பார்கள். பிறகு நாங்கள் ஒரு மணி நேரம் மெல்லுவோம். உலகத்தில் ஒரு பொருளை அரை நிமிடத்தில் இப்படி மாற்ற முடியும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. கோயிலில்கூட நான் அவ்வளவு அடக்கமாக நின்றதில்லை.

“இன்னும் பத்து எண்ணுற நேரம் விட்டிருந்தா?” என்று கேட்டேன்.

“சாம்பல் கலருக்குப் போயிரும். அப்புறம் ரப்பர் பாண்டுதான், சவுக்கு சவுக்குன்னு.” அடுத்த ஆறு துண்டுக்கு முன்னால் அவர் சட்டியை ஈரத்துணியால் துடைத்து, கருகிய சீனியை எடுத்துவிட்டு, மறுபடியும் புகை வரும்வரை சும்மா உட்கார்ந்திருந்தார். அந்தச் சும்மா உட்கார்ந்திருந்த நேரம்தான் சமைத்த நேரத்தைவிட நீளம். எனக்கு அது வீண் என்று பட்டது. சட்டி நிறையப் போட்டால் ஒரே தடவையில் முடியுமே என்றேன்.

“போட்டா சட்டி குளுந்துரும் தம்பி. எறைச்சி தண்ணி விட்டுரும். தன் தண்ணியில தானே வெந்து செத்துப்போகும்.”

பிறகு நான் கொண்டுபோன இரண்டு பக்கத்தைப் படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன். நான்காவது விதிக்கு வந்ததும் கையை உயர்த்தினார். எல்லா உறுப்பினர்களுக்கும் ஒரே சூட்டில் ஒரே தரத்தில் கிடைக்கும்பொருட்டு, ஏழு பேருக்கான உணவும் ஒரே பாத்திரத்தில், மூடியிட்டு, நண்பகல் பன்னிரண்டு மணிக்கு மேசையில் வைக்கப்பட வேண்டும். ஐந்தாவது விதி, சமைத்தவர் கூடத்துக்குள் வரக்கூடாது.

“அவங்க உக்காந்ததுக்கு அப்புறம் நான் மேசை பக்கத்துலயே அடுப்ப வெச்சு ஒவ்வொருத்தருக்கா போட்டுக் குடுக்கறேனே. ஒரு பத்து நிமிசம்.”

முடியாது என்றேன். முதலில் வாங்குகிறவருக்கும் கடைசியில் வாங்குகிறவருக்கும் பத்து நிமிட வேறுபாடு வந்துவிடும். தலைவருக்கு முதலில் கொடுத்தால் சலுகை, கடைசியில் கொடுத்தால் அவமரியாதை. விதி எல்லோருக்கும் பொது. இதையெல்லாம் அவர் வீட்டில் அவர் இறைச்சியைத் தின்றுகொண்டே சொன்னேன். அவர் வாதாடவில்லை. பங்களாவில் பத்து வருடம் வேலை செய்தவர், எந்த இடத்தில் பேச்சு முடிகிறது என்று அவருக்குத் தெரியும். அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தேர்வு நாளும் ஞாயிறுதான். தெங்கேரா அண்ணன் காலையிலேயே பிரட்டலை முடித்து, அடுப்பின் ஓரத்தில் இளஞ்சூட்டில் வைத்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பிரட்டலுக்கு அவசரம் இல்லை. காத்திருந்தால் இன்னும் ருசி கூடும். என் விதிகள் பிரட்டலுக்கென்றே எழுதினவைபோல் இருந்தன. உண்மையில் நான் எழுதும்போது என் மனதில் இருந்த ஒரே உணவு அதுதான்.

அக்கா தன் கரி அடுப்பைக் கொண்டுவந்து சமையலறைக் கதவருகே வைத்திருந்தார். பதினொன்று ஐம்பதுக்குச் சட்டி புகைந்தது. அவர் கணக்கு எனக்குப் புரிந்தது. கடைசிப் பத்து நிமிடத்தில் ஆறு ஆறாக ஆறு தடவை. முதல் துண்டுகள் கொஞ்சம் ஆறியிருந்தாலும் கடைசித் துண்டுகள் உயிரோடு போய்ச் சேரும். முதல் ஆறு சரியாக வந்தன. சட்டியைத் துடைத்தார். சூடு ஏறக் காத்திருந்தார். இரண்டாவது ஆறு. துடைத்தார். காத்திருந்தார்.

நான் கதவருகே கடிகாரத்தோடு நின்றேன். யாரும் என்னை நிற்கச் சொல்லவில்லை. விதி மீறப்படாமல் பார்த்துக்கொள்வது என் கடமை என்று நானே நினைத்துக்கொண்டேன். “அஞ்சு நிமிசம்தான் இருக்குக்கா” என்றேன். அவர் திரும்பவில்லை. “மூணு நிமிசம். பன்னெண்டுக்கு மேல வந்தா தள்ளுபடின்னு விதி.”

அவர் என்னைப் பார்த்தார். சட்டியைப் பார்த்தார். இன்னும் புகை வரவில்லை. கிண்ணத்தில் கைவிட்டு இரண்டு பிடியை அள்ளிச் சட்டியில் போட்டார். மூன்றாவது பிடிக்குக் கை போகவில்லை.

துணி கிழிகிற சத்தம் ஒரு நொடிதான் கேட்டது. பிறகு அடங்கியது. பள்ளங்களில் கலங்கிய தண்ணீர் ஏறியது; வரிகள் மூழ்கின. இறைச்சித் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று சுருண்டு, அந்தத் தண்ணீரில் முனகிக்கொண்டு, மழைக்கால வானத்தின் நிறத்துக்கு மாறின. அவர் வேகமாகக் கிளறினார், தண்ணீரை ஒரு பக்கம் சாய்த்து வடித்தார். ஒன்றும் பயனில்லை. நல்லதையும் கெட்டதையும் ஒரே பாத்திரத்தில் வாரி, மூடி போட்டு என் கையில் கொடுத்தார். மணி பன்னிரண்டு. நான் அதை மேசையில் வைத்தேன். விதி காப்பாற்றப்பட்டது.

தலைவர் எழுந்து நின்று பேசினார். விடுதலை பெற்ற நாட்டில் ஒவ்வொருவரும் தகுதியால் மட்டுமே உயர வேண்டும் என்பதைப் பத்து நிமிடம் விளக்கினார். மூடிக்குள் ஆவி இறைச்சியை மேலும் வேகவைத்துக்கொண்டிருந்ததை அந்தக் கூடத்தில் நான் ஒருவன்தான் அறிவேன்.

பிரட்டலைத் தின்று எல்லோரும் தலையாட்டினார்கள். அது நல்ல பிரட்டல்தான். பிறகு மூடியைத் திறந்தார்கள். நல்ல துண்டுகளும் இப்போது மற்றவற்றின் நிறத்துக்கே வந்துவிட்டிருந்தன. ஏழு தாடைகள் மென்றன. நிறுத்தாமல் மென்றன. பொருளாளர் வாயிலிருந்து ஒன்றை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்து அதை ஆராய்ந்தார்.

“துரை ஏன் ஊரவிட்டு ஓடினான்னு இப்பத்தான் புரியுது” என்றார் தலைவர். எல்லோரும் சிரித்தார்கள். மேலதிகாரி சொன்ன நகைச்சுவைக்கு எவ்வளவு சிரிக்க வேண்டுமோ அவ்வளவு. சமையலறைக் கதவு திறந்துதான் இருந்தது.

அவர்கள் மதிப்பெண் எழுதிக்கொண்டிருந்தபோது நான் சமையலறைப் பக்கம் போனேன். அக்கா அடுப்பருகே குந்தி, ஈரத்துணியால் சட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அழவில்லை. மகள் எங்கே என்று கேட்டேன். வீட்டில் பெட்டியை அடுக்குகிறாள் என்றார்; அதை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். என்னைக் குறை சொல்லியிருந்தால் பதில் வைத்திருந்தேன்.

குறை சொன்னவர் தெங்கேரா அண்ணன். பெஞ்சிலிருந்து எழுந்து வந்து, என்னைச் சுவரோரம் அழைத்தார்.

“ஐயா, நீங்க படிச்சவரு. அந்தச் சட்டிய ரொப்பச் சொன்னது யாரு?”

யாரும் சொல்லவில்லை என்றேன்.

“நேரம் சொல்லிச் சொல்லி நீங்கதான் சொன்னீங்க. நான் பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன். அந்தம்மா மொதல்ல எடுத்த ஆறு துண்டுல ஒண்ண எனக்குக் குடுத்துச்சு. முப்பது வருசமா அடுப்புல நிக்கிறேன், அந்த மாதிரி ஒண்ண நான் போட்டதில்ல.” பிறகு மெல்ல, “எனக்குக் கட இருக்குயா. இது கெடைக்கலன்னாலும் நாளைக்கு அடுப்பு எரியும்” என்றார்.

போட்டியில் இருப்பவர் இப்படிப் பேசுவதற்கு எந்த விதியும் கிடையாது. நான் கூடத்துக்குத் திரும்பினேன். தலைவர் முன்னால் போய் நின்றேன். அந்த வருடம் என் வேலையை நிரந்தரமாக்கச் சிபாரிசு எழுத வேண்டியவர் அவர்தான்.

விதி எழுதினவனுக்கு ஒரு வசதி உண்டு. எந்தச் சுவரில் கதவு வைத்தோம் என்று அவனுக்கு மட்டும் ஞாபகம் இருக்கும். பதினோராவது விதியைச் சத்தமாகப் படித்தேன். முடிவு எடுக்கும் முன் குழுவினர் சமையலறையின் தூய்மையையும் சமைக்கும் முறையையும் நேரில் பார்வையிட வேண்டும். கரப்பான்பூச்சிக்காக எழுதிய விதி அது. ‘சமைக்கும் முறையையும்’ என்பதை, வாக்கியம் குட்டையாக இருந்ததால் நீளத்துக்காகச் சேர்த்தேன்.

“அதான் சாப்பிட்டாச்சே. இன்னும் என்ன பாக்கணும்?” என்றார் தலைவர்.

“முறைங்க ஐயா. பார்க்கலைன்னா முடிவு செல்லாது. ஐயா கையெழுத்துப் போட்ட விதி.”

அவர் தன் கையெழுத்தை மதிப்பவர். எழுந்தார்.

சமையலறையில் நான்கு பேருக்கு மேல் நிற்க முடியாது. தலைவர் முதலில் போனார், நான் பின்னால். அதற்குள் அண்ணன் கரியில் விசிறிக்கொண்டிருந்தார். அவரிடம் யாரும் கேட்கவில்லை. சட்டி புகைந்தது. கிண்ணத்தில் அந்த மூன்றாவது பிடி இருந்தது, கூடுதலாக ஊறவைத்திருந்ததையும் சேர்த்துப் பதினைந்து துண்டு இருக்கும். அக்கா எழுந்து நின்று வணங்கிவிட்டு, இரண்டே துண்டை எடுத்து, சொட்டவிட்டு, விரித்தார்.

அந்தச் சத்தம் கேட்டதும் தலைவர் ஒரு அடி பின்னால் போனார். புகை அவர் வெள்ளைச் சட்டையில் ஏறியது. ஏதோ கேட்க வாய் திறந்தார். அதற்குள் புரட்டியாயிற்று. கேள்வியை முடிப்பதற்குள் தட்டில் விழுந்தாயிற்று. அக்கா ஒரு எலுமிச்சைத் துண்டை மேலே பிழிந்து, “இப்பவே சாப்பிடுங்க ஐயா” என்றார். அவரைப் பார்த்து ‘இப்பவே’ என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

சாப்பிட்டார். அவர் முகத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். கந்தோரில் அந்த முகம் எப்போதும் அடுத்து என்ன சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டே இருக்கும். இப்போது அதில் எந்த யோசனையும் இல்லை. திருவிழாவில் தீபாராதனை காட்டும்போது சிறு குழந்தைகள் வாயைத் திறந்துகொண்டு பார்க்குமே, அதுபோல. இரண்டாவது துண்டையும் தின்றுவிட்டுத் தட்டைப் பார்த்தார்.

“மேசையில வெச்சது வேற எறைச்சியா?”

“அதே எறைச்சிதான் ஐயா. அதே ஊறல்தான்.”

“அப்புறம் ஏன் அது அப்படி இருந்துச்சு?”

அக்கா என்னைப் பார்க்கவில்லை. அந்த மரியாதையை நான் இன்றுவரை மறக்கவில்லை. “அங்க அது உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருந்துச்சு ஐயா. இது காத்திருக்காது. இதுக்கு நாமதான் காத்திருக்கணும்” என்றார்.

மற்ற ஆறு பேரும் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் இரண்டு துண்டு, ஒவ்வொரு தடவையும் சட்டியைத் துடைத்து, புகைக்குக் காத்திருந்து. வெளியே வரிசையில் நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தின்றவர்கள் தட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். வெளியே போய் ஒரு இடத்தில் நின்றுகொண்டார்கள். எங்கள் குழு வரலாற்றில் அவ்வளவு அமைதியான கூட்டம் நடந்ததில்லை. பொருளாளர் மட்டும் எலுமிச்சை பட்ட விரலை முகர்ந்து பார்த்தார்.

பிறகு அவர்தான் ஆட்சேபமும் எழுப்பினார். மதிப்பெண் எழுதியாயிற்று, அடித்துத் திருத்தக்கூடாது. சரியான ஆட்சேபம். அடிக்க வேண்டியதில்லை என்றேன். மேசைக்கு ஒரு கட்டம், சமையலறைப் பார்வைக்கு ஒரு கட்டம். இரண்டாவது இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. அதை நிரப்பினார்கள். தாளைக் கையால் மறைத்துக்கொண்டு எழுதினார்கள். கூட்டிப் பார்த்ததில் அக்கா இரண்டு புள்ளி முன்னால் இருந்தார்.

அண்ணன் தன் அண்டாவைத் துணியில் கட்டிக்கொண்டிருந்தார். போகும்போது அக்காவிடம், கரியைக் கோயிலுக்கு எதிரே இருக்கிற கடையில் வாங்க வேண்டாம், ஈரம், தெங்கேராவில் நான் வாங்கித் தருகிறேன் என்றார்.

முடிவைச் சொல்ல அக்காவைக் கூடத்துக்கு அழைத்தோம். ஐந்தாவது விதி அதோடு முடிந்தது. எல்லோரும் நன்றி எதிர்பார்த்தார்கள். அவர் நன்றி சொன்னார். பிறகு ஒரு நிபந்தனை வைத்தார். சோறு குழம்பு எல்லாம் மேசைக்கு வரும். வரிச்சட்டி இறைச்சி மட்டும் வராது. சமையலறைச் சுவரில் ஒரு ஜன்னல் வெட்டித் தர வேண்டும். வேண்டியவர் தானே தட்டோடு வந்து நிற்க வேண்டும். ஒருத்தருக்காக இன்னொருத்தர் வாங்கிப் போகக் கூடாது.

“பியூன்கூட வாங்கக் கூடாதா?” என்றார் தலைவர்.

“அவரு சாப்பிடறதா இருந்தா வரட்டும் ஐயா.”

அதையும் விதியாக எழுதும்படி எனக்குச் சொல்லப்பட்டது. ஒரே வரியில் எழுதினேன். நான் எழுதியதில் மிகக் குட்டையான விதி அதுதான். அதற்கு விளக்கம் கேட்டு யாரும் கடிதம் எழுதவில்லை.

தச்சர் வந்து ஜன்னல் வெட்ட ஒரு வாரம் ஆயிற்று. அந்தச் சனிக்கிழமை மாலை மன்றத்துக்குப் போனபோது பின்கட்டின் கொடியில் ஒரு பள்ளிச் சீருடை காய்ந்துகொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே வரிசை. சுங்கத்தில் வேலை பார்த்தவர், தபால் கந்தோர்க்காரர், ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும் டிரஸர், எல்லோர் கையிலும் தட்டு. முன்னால் தலைவர் நின்றார். சீட்டு ஆட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருந்தார்.

உள்ளே சட்டி இன்னும் புகையவில்லை. அக்கா அவரைக் கண்டதும் அவசரப்படவில்லை. துணியால் வரிகளைத் துடைத்தார், கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். தலைவரும் காத்திருந்தார். எங்கள் கந்தோரில் மாவட்ட அதிகாரி பேசும்போதுகூட அவர் அவ்வளவு நேரம் வாயை மூடியதில்லை. முதல் புகை மெல்லிய நூலாக எழுந்தது. அவர் கழுத்தை நீட்டி அதைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் எட்டுப் பேர் கழுத்தை நீட்டினோம்.